கோடு போட்டவன் கையில் ஓட்டு

2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. தென்காசியில் நடக்கவில்லை. "ஏம்ல, நமக்கு மட்டும் எலக்சன் கெடையாதா?" என்று பெரியம்மா கேட்டாள். குற்றாலத்துச் சாரலுக்கு ஊரெல்லாம் வந்துபோகும். ஓட்டுப்பெட்டி மட்டும் எங்கள் பக்கம் வரவில்லை.

காரணம் கோடுதான். அந்த நவம்பர் 22-இல்தான் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் மாறினால் அதன் வார்டுகளையும், எத்தனை இடம் தாழ்த்தப்பட்டோருக்கு, எத்தனை பெண்களுக்கு என்ற கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். அது முடியாமல் இந்த ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் கூடாது என்று டிசம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். 2016-இல் பழைய உறுப்பினர்களின் காலம் முடிந்தது முதல் அதுவரை அதிகாரிகளின் ஆட்சிதான்.

இத்தனை பாடு ஒரு கோட்டுக்கா? ஆமாம். ஒரு கணக்குப் பாருங்கள். ஊரில் 2400 பேர், ஆறு வார்டு என்று வைத்துக்கொள்வோம். வார்டுக்கு 400 பேர். சேரியிலும் 400 பேர். ஆறில் ஒரு பங்கு ஜனம், ஆகவே ஓர் இடம் நமக்கு. நம் ஜனம் எந்த வார்டில் விகிதத்தில் அதிகமோ, அந்த வார்டைத்தான் நமக்கு ஒதுக்குவார்கள். சேரி முழுக்க ஒரே வார்டாக இருந்தால் நம் ஆளை நாமே தேர்ந்தெடுப்போம். அதே சேரியை மூன்று வார்டுக்குப் பிய்த்துப் போட்டால், எந்த வார்டிலும் நாம் 130 பேருக்குச் சற்றுமேல்தான், ஊர்க்காரர் ஏறக்குறைய 270 பேர். அப்போதும் ஓர் இடம் ஒதுக்கப்படும். நிற்பவர் நம்மவர்தான். ஆனால் எந்த நம்மவர் ஜெயிக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்யும். வாய் திறப்பவன் தோற்பான், கைகட்டி நிற்பவன் ஜெயிப்பான். 1932-இல் பூனாவில் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தபோது அம்பேத்கர் அஞ்சியது இதைத்தான்.

அப்படியானால் ஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அது இல்லாத காலத்தில் பஞ்சாயத்துத் திண்ணையில் நம்மவர் ஏறினதுண்டா? பெண்கள்? 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்தது, 2016-இல் அது பாதியானது. சட்டம் கட்டாயப்படுத்தாமல் எந்த ஆணும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

நாற்காலி கிடைத்தால் போதாது என்பதும் நெல்லைச் சீமையில் தெரிந்த கதைதான். தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, அருந்ததியப் பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முனைந்தவரை 2011 ஜூனில் வெட்டினார்கள். உயிர் தப்பினார்.

அடுத்த முறை வார்டு வரைவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபணை சொல்லச் சில நாள்தான் தருவார்கள். வேட்பாளர் யார் என்று கேட்கும் முன், நம் தெரு எந்த வார்டில், அடுத்த தெரு எந்த வார்டில் என்று வீட்டு எண்ணோடு பாருங்கள். சேரி நடுவே கோடு ஓடினால் எழுதிக் கொடுங்கள், பதிவு ரசீதும் வாங்குங்கள். ஓட்டுப் போடும் நாளில் அந்தக் கோட்டை அழிக்க முடியாது.