மேலா, கீழா? மின்னஞ்சல் பதிலின் இடமும் மேற்கோள் வரிகளின் சிதைவும் (1979–2004)

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது வந்த கடிதத்தின் வரிகளுக்கு மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா என்ற பூசல் பழையது. அதை நடத்தையைப் பற்றிய பூசலாகவே பலரும் கண்டிருக்கிறார்கள்: கீழே எழுதுபவர் ஒழுங்கானவர், மேலே எழுதுபவர் சோம்பேறி. பதிலின் இடத்தை முடிவு செய்தவை வேறு இரண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். மூலக் கடிதம் வாசகரின் கையில் இருக்கிறதா என்பது ஒன்று. மேற்கோள் காட்டிய வரிகள் சிதையாமல் போய்ச் சேருகின்றனவா என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் அதிகம் பேசப்படாததால் இங்கே அதற்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

1. மேற்கோள் ஏன் தேவைப்பட்டது

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் யூஸ்நெட்டைத் திட்டமிட்டனர். கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசி வழியே அழைத்துக் கட்டுரைகளைக் கைமாற்றிக்கொண்டன. ஒரு கட்டுரை பல கணினிகளைக் கடந்துதான் வாசகரை அடையும். ஆகவே கேள்விக்கு முன்பே பதில் வந்து சேர்வதும் உண்டு. "இல்லை, அது தவறு" என்று மட்டும் எழுதினால் எது தவறு என்று யாருக்கும் விளங்காது.

சுமார் 1984 முதல் யூஸ்நெட் நிரல்கள் மூலக் கட்டுரையைத் தாமாகவே பதிலுக்குள் கொண்டுவந்து வைத்தன. தேவையான வரிகளை விட்டு மற்றவற்றை வெட்டிவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே பதில் எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பலர் வெட்டவில்லை. முழுக் கட்டுரையையும் அப்படியே விட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தார்கள். சொந்த வரிகளைவிட மேற்கோள் வரிகள் கூடுதலாக இருந்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் கட்டுப்பாடு சில நிரல்களில் வந்தது. உடனே வெற்று வரிகளைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்யும் தந்திரமும் பிறந்தது.

2. உள்தள்ளலிலிருந்து குறிக்கு

மேற்கோளைக் காட்டும் தொடக்ககால முறை உள்தள்ளல்தான். பி.எஸ்.டி. யூனிக்ஸின் அஞ்சல் நிரல் ஒவ்வொரு மேற்கோள் வரிக்கும் முன்னால் ஒரு டேப் இட்டது. ஒரு டேப் 8 எழுத்து அகலம். அன்றைய திரை 80 எழுத்து அகலம். மேற்கோளுக்குள் மேற்கோளாக மூன்று அடுக்கு போனால் 24 எழுத்துக்கான இடம் வெறுமையாகப் போய்விடும்; வரிகள் வலது ஓரத்தில் முட்டி உடையும். எனவே `>` என்ற ஒற்றைக் குறி நிலைபெற்றது. குறிகளை எண்ணினால் எத்தனையாவது அடுக்கு என்பதும், ஆகவே அது யார் சொன்னது என்பதும் தெரியும்.

ஆனால் இடநெருக்கடி தீரவில்லை, தள்ளிப்போயிற்று. குறியும் இடைவெளியுமாக ஓர் அடுக்குக்கு 2 எழுத்து கூடுகிறது. 72 எழுத்தில் எழுதிய வரி நான்கு அடுக்கில் 80ஐ எட்டிவிடும். 64 எழுத்தில் எழுதினால் எட்டு அடுக்கு தாங்கும். 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டி வரியை 65 எழுத்துக்குள் நிறுத்தச் சொன்னதன் பயனை இந்தக் கணக்கில் காணலாம்.

3. சீப்புப் பல் வரிகள்

1990களில் பரவிய பல அஞ்சல் நிரல்கள் முதலில் குறியைச் சேர்த்து, அனுப்பும்போது நீள வரிகளை மடித்தன. மடிப்பு எல்லை 76 என்று கொள்வோம். 72 எழுத்து வரி முதல் அடுக்கில் 74, இரண்டாவதில் 76. மூன்றாவதில் 78 ஆகி உடைகிறது. உடைந்து கீழே விழும் சொல்லுக்கு முன்னால் குறி இருக்காது. சிதைவு அங்கேதான் தொடங்குகிறது.

விளக்க வசதிக்காக ஒரு வரியில் நான்கு சொற்களே அடங்கும் என்றும், ஓர் அடுக்குக் கூடினால் ஒரு சொல்லுக்கான இடம் போய்விடும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாமவர் எழுதியது:

```
கூட்டம் நாளை பத்து மணிக்கு.
கணக்கேட்டை மறவாமல் கொண்டு வரவும்.
```

இரண்டாமவரின் பதில்:

```
> கூட்டம் நாளை பத்து
மணிக்கு.
> கணக்கேட்டை மறவாமல் கொண்டு
வரவும்.

சரி, வருகிறேன்.
```

மூன்றாமவர் பதில் எழுதி அனுப்பும்போது அந்தக் கடிதம் இப்படி ஆகிவிடுகிறது:

```
> > கூட்டம் நாளை
பத்து
> மணிக்கு.
> > கணக்கேட்டை மறவாமல்
கொண்டு
> வரவும்.
>
> சரி, வருகிறேன்.
```

நீண்ட வரி, குட்டை வரி என்று சீப்புப் பல்லைப் போல மாறிமாறி நிற்பது பார்த்ததும் தெரியும் அடையாளம். உள்ளிருக்கும் கேடு அதைவிடப் பெரிது. முதலாமவரின் ஒரே வாக்கியம் மூன்று பேருக்குப் பங்காகிவிட்டது: "மணிக்கு" இரண்டாமவர் கூற்றாகவும், "பத்து" மூன்றாமவர் கூற்றாகவும் காட்சி தருகின்றன. இந்த நிலையில் வரிக்குக் கீழ் வரியாகப் பதில் எழுத விரும்புபவர் முதலில் ஒவ்வொரு பத்தியையும் கையால் ஒட்டி, குறிகளைத் திருத்தியாக வேண்டும். அந்தக் குப்பையைத் தொடாமல் மேலே எழுதிவிடுவது எளிது. மேலே எழுதும் பழக்கத்துக்கு நிரல் செய்த சிதைவும் ஒரு கை கொடுத்தது.

மாற்றுவழி 1999இல் ஆர்.எஃப்.சி. 2646ஆக வந்தது; 2004இல் ஆர்.எஃப்.சி. 3676ஆகத் திருத்தம் பெற்றது. `format=flowed` என்ற இந்த முறையில், வரியின் முடிவில் ஓர் இடைவெளி இருந்தால் அது தற்காலிக மடிப்பு என்று பொருள். பெறும் நிரல் அப்படிப்பட்ட வரிகளை ஒட்டிப் பத்தியாக்கி, குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அடுக்கை அறிந்து, புதிதாக மடித்து, ஒவ்வொரு வரிக்கும் குறியிடும். ஆனால் அனுப்பும் நிரல், பெறும் நிரல் இரண்டும் இதை அறிந்திருக்க வேண்டும். வரி முடிவின் இடைவெளியை வழியில் ஏதேனும் ஒரு நிரல் துடைத்துவிட்டாலும் பயனில்லை.

4. பதில் மேலே ஏறியது

இதற்குள் அலுவலக அஞ்சல் வேறு வழியில் போய்விட்டது. அவுட்லுக் போன்ற நிரல்கள் பதில் பெட்டியைத் திறந்ததும் சுட்டியை மேலே நிறுத்தின. கீழே `-----Original Message-----` என்ற கோட்டுடன் முழுக் கடிதமும் கிடந்தது. அலுவலகத்தில் மூலக் கடிதம் எல்லோரிடமும் உண்டு. புதிய செய்தி முதலில் கண்ணில் படுவதே வசதி. நடுவில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கு முழு வரலாறும் அடியில் கிடைக்கும், தலைகீழ் வரிசையில்தான் என்றாலும்.

இதற்கும் விலை உண்டு. சம அளவுள்ள பத்துக் கடிதங்கள் ஒன்றையொன்று முழுதாகச் சுமந்தால், பத்துப் பங்குச் செய்திக்கு 55 பங்கு எழுத்து சேர்கிறது. யாரும் கீழே உருட்டிப் பார்க்காததால், வெளியாருக்குப் போகக் கூடாத வரிகள் அடியில் ஒட்டிக்கொண்டே போய்விடுவதும் நடக்கும். பல கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் சொல்ல நேர்ந்தவர்கள், மேற்கோளுக்குள்ளேயே புகுந்து சிவப்பு எழுத்தில் எழுதினார்கள். வெற்று உரையாக மாற்றினால் அந்த நிறம் மறைந்து, யார் எழுதியது என்ற பழைய குழப்பமே திரும்பிவிடும்.

2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில் ஒரே உரையாடலின் கடிதங்களை வரிசையாக அடுக்கி, மேற்கோள் பகுதியை மடித்து மறைத்தது. மூலம் அருகிலேயே இருக்கிறது என்று ஆனபின், மேற்கோள் வாசிப்பதற்கான பகுதியாக இல்லாமல் ஆவணமாகச் சுருங்கியது.

5. முடிவுரை

மூலம் கைக்கு எட்டாத காலத்தில் மேற்கோளும் கீழ்ப்பதிலும் வாழ்ந்தன. மூலம் எப்போதும் உடனிருக்கும் காலத்தில் பதில் மேலே ஏறியது. ஆயினும் இடைப்பதில் அழிந்துவிடவில்லை. லினக்ஸ் கருநிரல் உருவாக்குநர்கள் இன்றும் தேவையற்றதை வெட்டி இடையில் பதில் எழுதுவதையே வலியுறுத்துகிறார்கள். அங்கே விவாதப் பொருள் நிரல் வரிகள். எந்த வரியைப் பற்றிய கருத்து என்பது அந்த வரியின் அடியில் எழுதினால்தான் விளங்கும். வரியை மடிக்கும் அஞ்சல் நிரல்களை அவர்கள் ஒதுக்குவதற்கும் காரணம் உண்டு: மடிந்த திருத்தம் மூல நிரலில் பொருந்தாது. பதில் கடிதம் முழுவதற்குமா, அதன் ஒரு வரிக்கா என்பதைப் பார்த்தே இடத்தைத் தேர்வது தகும். ஒரு வரிக்கு என்றால் அந்த வரி உடையாமல் வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.