நடுவில் யார் உட்காருவது?

இளையாத்தங்குடியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப்பெட்டி இறங்கியது. பழைய கணக்கேடுகள், பனை விசிறி ஒன்று, கட்டுக் கட்டாகக் கடிதங்கள். "எங்க மாமனார் பினாங்கில மேலாளா இருந்தப்ப எழுதினது. இங்கிலீசு எனக்குத் தெரியாது, நீங்க பாருங்க" என்று ஆச்சி பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கோயிலுக்குப் போக வேண்டும் என்று வந்தவன், நடை சாத்தும் வரை அந்தப் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

1936-ல் எழுதிய ஒரு கடிதத்தின் நகல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு சீன வியாபாரி. வட்டிக்கடையிலும் கடன் வாங்கியிருக்கிறார், ஒரு பாங்கியிலும் வாங்கியிருக்கிறார். பாங்கிக் கடனுக்குத் தவணை முடிகிறது. நல்ல மனிதர், சரக்கு வந்து சேர்ந்தால் பணத்தைக் கட்டிவிடுவார் என்று மேலாளுக்கு நம்பிக்கை. ஆகவே பாங்கிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். 'அவரைக் கரையேற்றி விடுவோம்' என்று சொல்ல நினைத்தவர், ஆங்கிலத்தில் 'வி ஷல் ஸீ த்ரூ ஹிம்' என்று எழுதினார். எழுதியிருக்க வேண்டியது 'வி ஷல் ஸீ ஹிம் த்ரூ'. சொற்கள் அதே நான்கும் ஒன்றும்தான். 'ஹிம்' என்ற ஒரு சொல் இருக்கை மாறி உட்கார்ந்துவிட்டது. அதனால் பொருள், 'அவருடைய வேஷத்தை நாங்கள் கண்டுகொள்வோம்' என்று ஆகிவிட்டது!

பாங்கியின் பதிலும் கட்டிலேயே இருந்தது. ஒளிவு மறைவின்றி எச்சரித்ததற்கு நன்றி, தவணையை நீட்டுவதற்கில்லை. அந்தத் தாளின் ஓரத்தில் மேலாள் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறார்: "நான் எழுதினது என்ன, இவன் படிச்சது என்ன?"

அவருக்குப் பதில் சொல்ல இன்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. பள்ளிக்கூட இலக்கணத்தில் இந்த விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சாதாரண வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' என்று ஒரு சின்னச் சொல் சேர்ந்துகொண்டு புதுப்பொருள் தருவதுண்டு. 'டேக்' என்றால் எடு. 'டேக் ஆஃப்' என்றால் கழற்று. இப்போது கோட்டைக் கழற்ற வேண்டும். 'டேக் ஆஃப் த கோட்' என்றும் சொல்லலாம், 'டேக் த கோட் ஆஃப்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. ஆனால் கோட்டுக்குப் பதிலாக 'இட்' என்ற பிரதிப்பெயர் வந்தால் சலுகை போய்விடும். 'டேக் இட் ஆஃப்' ஒன்றுதான் வழி. 'டேக் ஆஃப் இட்' என்று எந்த ஆங்கிலேயனும் சொல்ல மாட்டான்.

இதற்குக் காரணம் காதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசி இடம் கனமான இடம். புதிய செய்தி அங்கே வந்து அமர விரும்பும். 'இட்', 'ஹிம்' போன்றவை முன்பே தெரிந்த ஆளைச் சுட்டும் இளைத்த சொற்கள், அழுத்தம் இல்லாதவை. 'ஆஃப்' என்பதோ அழுத்தி ஒலிப்பது. ஆகவே இளைத்தது நடுவே ஒடுங்கிக்கொள்கிறது, கனத்தது கடைசியில் நிற்கிறது. அதே நியாயப்படி, பொருளைக் குறிக்கும் சொற்றொடர் ரயில்வண்டி மாதிரி நீண்டால் நடுவில் இடம் கிடையாது. 'என் பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய கறுப்புக் கோட்டை' என்பதை 'டேக்' என்பதற்கும் 'ஆஃப்' என்பதற்கும் இடையே திணித்தால், 'ஆஃப்' வருவதற்குள் கேட்பவன் வினையையே மறந்துவிடுவான்.

ஆனால் சின்னச் சொல் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. குழப்பமே இங்கேதான். 'ரன் அப் எ பில்' என்றால் கடையில் பாக்கி ஏற்றுவது. 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றின்மேல் ஓடுவது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சோதித்துப் பார்க்க வழி, பொருளை நடுவில் உட்கார வைப்பதுதான். 'ரன் த பில் அப்' என்றால் நிற்கிறது; பாக்கி ஏறுகிறது. 'ரன் த ஹில் அப்' என்றால் விழுந்துவிடுகிறது. முதலாவதில் 'அப்' வினையின் அங்கம். இரண்டாவதில் அது குன்றுக்குச் சொந்தமான பிரிபொசிஷன். தன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். 'லுக் ஆஃப்டர்' என்பதும் இந்த இரண்டாவது ரகந்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர் ஹிம்'. 'ஹிம்' நடுவில் போக முடியாது.

'ஸீ', 'த்ரூ' இரண்டும் சேர்ந்தால் இரண்டு ஜாதியிலும் உறவு உண்டு. ஆளை நடுவில் வைத்தால் கைதூக்கிவிடுவது. கடைசியில் வைத்தால் திரைக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பது. பினாங்கில் ஒரு மனிதரின் தவணை இந்த இடைவெளியில்தான் விழுந்தது.

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. மிகப் பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் நின்றன. சில அங்கேயே ஒட்டிப்போயின. 'அண்டர்ஸ்டாண்ட்', 'ஃபர்கிவ்' என்பவை அப்படி. மற்றவை மெல்ல வினைக்குப் பின்னால் நகர்ந்தன. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிவந்த ஆண்டுக்குறிப்பில், 1137-ம் ஆண்டுப் பகுதியில், ஸ்டீபன் மன்னன் பிஷப்பைச் சிறையிலிட்டுக் கோட்டைகளை ஒப்படைக்கச் செய்த கதை வருகிறது. 'ஒப்படைத்தார்கள்' என்பதற்கு அந்தத் துறவி போட்டிருப்பது 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவம்; கோட்டைகள் 'அப்' என்பதற்குப் பின்னால் நிற்கின்றன.

இவ்வளவு காலம் புழங்கியும் ஆங்கிலேயர் இதைப் பற்றி அதிகமாக யோசித்ததில்லை. தாய்மொழியில் தடுக்கி விழாதவன் கல்லை எங்கே கவனிக்கிறான்? 1755-ல் அகராதி வெளியிட்ட டாக்டர் ஜான்ஸன் இதைக் கவனித்தவர். அவரும்கூட, அந்நியர்களுக்கு இது பெரிய சங்கடம் என்பதைச் சொல்லித்தான் இவ்வகை வினைகளைச் சிரமப்பட்டுத் தொகுத்ததாக முன்னுரையில் எழுதுகிறார். 'ஃபிரேஸல் வெர்ப்' என்ற பெயரே 1925-ல்தான் அச்சேறியது. லோகன் பியர்ஸல் ஸ்மித் தம் நூலில் அதைப் பயன்படுத்தி, பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஒப்புக்கொள்கிறார்.

எந்த வினைக்குப் பின்னால் எது எங்கே உட்காரும் என்று மாணவனுக்குக் காட்டும் அகராதி பிறந்தது லண்டனிலும் அல்ல. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் கூட்டாளிகளும் தொகுத்த அகராதி, யுத்தத்துக்கு நடுவே 1942-ல் டோக்கியோவில் அச்சாயிற்று. ஆக்ஸ்போர்டு அதை 1948-ல் தன் பெயரில் வெளியிட்டது. நம் மேலாள் கடிதம் எழுதிப் பன்னிரண்டு வருஷம் கழித்து!

அவர் தமிழை நம்பி இடறினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் மொழியில் செயப்படுபொருள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடும். வினை கடைசியில் வாலோடு சேர்ந்து வரும். 'புத்தகத்தை எடுத்துக்கொண்டான்' என்கிறோம். 'எடுத்துப் புத்தகத்தைக் கொண்டான்' என்றால் சிரிப்பார்கள். 'எடுத்துத்தான் கொண்டான்' என்று ஒரு 'தான்' வேண்டுமானால் இடையே நுழையலாம். ஆளோ பொருளோ நுழைய முடியாது. கரையேற்றுவதையும் கைவிடுவதையும் பிரிக்காமலே பேசிப் பழகியவர், 'ஸீ த்ரூ' என்பதையும் ஒரே வினையாக முடிச்சுப் போட்டுவிட்டு, ஆளைத் தனியே வைத்தார். நம்மிடமும் இந்த வம்பு இல்லாமல் இல்லை. 'கைவிட்டான்' என்பதில் ஒரு 'ஐ' புகுந்து 'கையை விட்டான்' ஆனால், ஒருவரைத் துறந்தவன் பானைக்குள் கை நுழைப்பவனாகிவிடுகிறான்.

பெட்டியில் அதற்கப்புறம் அந்தச் சீன வியாபாரியின் பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது. கணக்கேட்டில், இரண்டு மாதம் கழித்து, பாங்கிக்குக் கட்டவேண்டிய தொகை முழுவதும் வட்டிக்கடைக் கணக்கிலிருந்து அவர் பேரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. ஆச்சியிடம் அதைப் படித்துச் சொன்னேன்.

"சொன்னபடி கரையேத்தினாகளா, இல்லையா?" என்று கேட்டார்.

"ஏற்றிவிட்டார்" என்றேன்.