ஒப்பீட்டி வகைச் சூரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தி

சோலார் பேனலுக்கும் ஈய அமில பேட்டரிக்கும் விளக்கு, விசிறி போன்ற பளுவுக்கும் நடுவே நின்று, பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்து இணைப்பைத் துண்டிக்கவும் மீண்டும் சேர்க்கவும் செய்யும் எளிய மின்சுற்று இது. இதில் நுண்செயலியோ நிரலோ கிடையாது. டிஎல்431 போன்ற ஒரு சில்லு 2.5 வோல்ட் அளவில் மாறாத குறிப்பு மின்னழுத்தத்தைத் தருகிறது. பேட்டரி மின்னழுத்தத்தின் ஒரு பங்கை அதனோடு வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டி (கம்பாரேட்டர்), ரிலேயையோ மாஸ்ஃபெட்டையோ இயக்குகிறது. எந்த வோல்ட்டில் துண்டிப்பது என்பதில்தான் பொதுவாகக் கவனம் குவிகிறது. ஆனால் சுற்று பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பது துண்டிப்புக்கும் மறுஇணைப்புக்கும் இடையே விடும் தயக்க இடைவெளிதான். அந்த இடைவெளியின் அளவை பேட்டரியின் இயல்பிலிருந்தே பெற வேண்டும்.

12 வோல்ட் பேட்டரி ஒன்று 5 ஆம்பியர் பளுவைச் சுமப்பதாகக் கொள்வோம். பேட்டரியின் உள்தடையும் கம்பிகளின் தடையும் சேர்ந்து 0.08 ஓம் என்றால், 11.3 வோல்ட்டில் பளு துண்டிக்கப்பட்ட அந்த நொடியே மின்னழுத்தம் 11.7க்கு எழும்பிவிடும். அதோடு நிற்காது. தகடுகளின் நுண்துளைகளுக்குள் புதிய அமிலம் பரவப் பரவ, அடுத்த சில நிமிடங்களில் 12 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். உள்ளே புதிதாக எந்த மின்னூட்டமும் சேரவில்லை. மறுஇணைப்பை 11.8இல் வைத்திருந்தால் விளக்கு மறுபடி எரியும், மின்னழுத்தம் விழும், மறுபடி அணையும். ஒவ்வொரு சுற்றிலும் பேட்டரி இன்னும் கொஞ்சம் வற்றும். ஆகவே, வற்றிய பேட்டரி தானாக ஓய்ந்து எட்ட முடியாத அளவில் மறுஇணைப்பு இருக்க வேண்டும். 12.6 வோல்ட் அத்தகையது. பேனல் மின்னேற்றினாலொழிய அது அங்கே போகாது.

இதை எல்எம்393 ஒப்பீட்டியில் அமைப்பது கடினமில்லை. சில்லுக்கு 5 வோல்ட் சீராக்கியிலிருந்து மின்சாரம் தரப்படுகிறது. குறிப்பு மின்னழுத்தம் எதிர் உள்ளீட்டுக்குப் போகிறது. நேர் உள்ளீட்டுக்கு பேட்டரியிலிருந்து R1, தரைக்கு R2, வெளியீட்டிலிருந்து Rf ஆகிய மூன்று மின்தடைகள் வந்து சேர்கின்றன. வெளியீடு திறந்த கலெக்டர் வகை என்பதால் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் இழுதடை ஒன்றும் தேவை. வெளியீட்டின் உயர்நிலையை VH என்றால் இடைவெளி இப்படி வரும்:

```
ΔV = VH × R1 / Rf
```

R1 100 கிலோஓம், Rf 390 கிலோஓம் எனில் இடைவெளி ஏறத்தாழ 1.28 வோல்ட். R2வை 26.4 கிலோஓமாக வைத்தால் (22 கிலோஓமோடு தொடராக ஒரு 10 கிலோஓம் பிரீசெட்) துண்டிப்பு 11.3, மறுஇணைப்பு 12.6 வோல்ட். இழுதடையை 5 வோல்ட்டுக்குப் பதிலாக நேரே பேட்டரியில் கட்டினால், VH உயர்ந்து இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். குறிப்புக்கு 5 சதவீதப் பிழையுள்ள சாதாரண ஜீனரைப் போட்டால் 14.4 வோல்ட்டில் மட்டும் பிழை 0.7 வோல்ட். மின்னேற்றப் பக்கத்தில் விடப்போகும் இடைவெளியை அதுவே பெருமளவு விழுங்கிவிடும்.

அந்தப் பக்கத்தில் கணக்கு தலைகீழ். எல்எம்393இன் மற்றொரு பாதி 14.4 வோல்ட்டில் பேனலைத் துண்டிக்கிறது. பளு இல்லாவிட்டாலும் சில நிமிடங்களில் மின்னழுத்தம் 13 வோல்ட்டை நோக்கி இறங்கும். இங்கே இடைவெளியைத் தாராளமாக விட்டு மறுஇணைப்பை 12.6இல் வைத்தால், நல்ல வெயிலிலேயே பேனல் சும்மா கிடக்கும். பேட்டரி முழுதாக நிரம்பாது. 13.5 என்பது நடைமுறைக்கு ஏற்றது. மதியத்துக்கு மேல் விட்டுவிட்டு நடக்கும் அந்த மின்னேற்றமே கடைசிப் பங்கை நிரப்புகிறது. 14.4 என்பது 25 பாகை செல்சியசுக்கான அளவு. பாகைக்குச் சுமார் 24 மில்லிவோல்ட் குறைய வேண்டும் என்பதால், 40 பாகையில் 14.0 போதும். வெப்ப ஈடு இல்லாத சுற்று கோடையில் பேட்டரியின் நீரை வற்றடிக்கும்.

மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சட்டென்று விழுமே, அகன்ற இடைவெளி அப்போது கெடுதல் செய்யாதா என்று கேட்பது நியாயம். செய்யும். ஒரு நொடிச் சரிவுக்காகத் துண்டித்த சுற்று, 12.6 வரும்வரை திரும்ப இணைக்காது. இதற்கு மருந்து இடைவெளியைக் குறைப்பது அல்ல, காலத்தாமதம். R1ஐ இரண்டு 50 கிலோஓமாகப் பிரித்து நடுவில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தரைக்குக் கட்டினால் சுமார் 3 நொடி நேரமாறிலி கிடைக்கும். மின்தேக்கியை நேர் உள்ளீட்டிலேயே கட்டக் கூடாது. Rf வழி வரும் பின்னூட்டமும் மந்தமாகி, தயக்கம் தேவைப்படும் கணத்தில் அது கிடைக்காமல் போகும். மறுஇணைப்பில் இன்னொரு குறையும் உண்டு. பேனல் வலுவானதாக இருந்தால், சொற்ப மின்னூட்டம் சேர்ந்ததுமே முனை மின்னழுத்தம் 12.6ஐத் தாண்டிவிடும். பெரிய பளு உள்ள இடத்தில் அதை 13 வோல்ட்டுக்கு உயர்த்துவது நல்லது.

மாறு மின்னழுத்த வழங்கியை பேட்டரிக்குப் பதில் இணைத்து, மெல்ல ஏற்றி இறக்கி நான்கு அளவுகளையும் சரிபார்க்கலாம். ஆனால் வழங்கிக்கு பேட்டரியின் எழும்பல் கிடையாது. மேசையில் சரியாக இருந்த சுற்று இரவில் தடுமாறலாம். விளக்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் இடைவெளி போதவில்லை. ரிலே படபடவென அடித்தால், அளக்கும் கம்பி பளு மின்னோட்டம் ஓடும் கம்பியிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் தனி இழையாக பேட்டரி முனைகளுக்கே கொண்டுபோக வேண்டும்.