மூன்று சாவியும் ஒரு வண்டியும்

தம்பிக்கு,

இந்தத் தாளை சீட்டுக்கு அடியில் போட்டு வைக்க வேண்டாம். வண்டி களவு போனால் தாளும் கூடவே போய்விடும். வீட்டு பீரோவில் இருக்கட்டும். இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, உங்கள் கையெழுத்தோடு இன்னொன்று எனக்கு.

முதலில் சாவியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக் காலையிலேயே அதுதான் உங்களைச் சுற்ற வைக்கும். மூன்று தருகிறேன். கறுப்புத் தலை உள்ளது அசல். அதன் தலையில் ஒரு மேடு இருக்கிறது, அதற்குள் காந்தம். ஹேண்டில் பூட்டின் துவாரத்தை மூடிக்கொள்ளும் தகட்டை அந்த மேட்டை வைத்துத் திருப்பினால்தான் திறக்கலாம். சாயம் போன இரண்டாவது சாவி, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வெட்டி வாங்கியது. வண்டியை அது நன்றாகவே ஸ்டார்ட் பண்ணும். ஆனால் காந்தம் கிடையாது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய், ஸ்டாண்டில் யாராவது சிறுபிள்ளை விளையாட்டாகத் தகட்டை மூடிவிட்டால், சாவி கையில் இருந்தும் வண்டியை எடுக்க முடியாது. ஆகவே வெளியூருக்கு அசல்தான். வெட்டியது வீட்டுக்குள் ஆபத்துக்கு.

மூன்றாவது சாவி சீட்டுக்கு மட்டும். 2021-ல் ஒரு திருவிழாக் கூட்டத்தில் யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டு பூட்டை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். வண்டி போகவில்லை, பூட்டு போனது. முழு செட் மாற்றினால் செலவு என்று ஹேண்டில் பூட்டை மட்டும் மாற்றினோம். அன்றிலிருந்து ஓட்ட ஒரு சாவி, பெட்ரோல் போட ஒரு சாவி. டேங்க் மூடி சீட்டுக்கு அடியில் இருப்பதால், பங்கில் போய் நின்ற பிறகு இந்தச் சின்னச் சாவி வீட்டில் இருப்பது தெரிந்தால் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். புதுப் பூட்டோடு வந்த எண் பொறித்த சின்னத் தகட்டைக் கவரில் வைத்திருக்கிறேன். அசல் சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டுதான் காந்தத்தோடு புதிதாக வாங்க முடியும். அதைச் சாவிக்கொத்தில் மாட்டிவிடாதீர்கள்.

இனி வண்டியின் கதை. ஹோண்டா ஆக்டிவா 4ஜி, 2017 ஜூனில் புதிதாக எடுத்தது, நாமக்கல் பதிவு. அந்த வருஷம் ஏப்ரலில்தான் பி.எஸ்.4-ம், முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்ற விதியும் கட்டாயமாயின, அதனால் இதன் முகப்பு விளக்குக்கு அணைக்கும் சுவிட்சே கிடையாது. எதிரில் வருகிறவர்கள் பகலில் கையைக் கையை ஆட்டிக் காட்டுவார்கள். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம்.

முதல் மூன்று வருஷம் எங்கள் பெண் கல்லூரிக்கு ஓட்டினாள். ஒற்றை ஆள், நல்ல ரோடு. அந்தக் காலத்தில் ஆயில் மாற்றியதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. வண்டி திண்ணை ஓரம் உறைபோட்டு நின்றது, டேங்கில் பாதி பெட்ரோலோடு. நின்ற வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று நினைப்போம். கார்புரேட்டர் வண்டிக்கு அது பொருந்தாது. மிதவைக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போக, பிசின்போல ஒரு படிவு மிஞ்சும். ஊசிமுனை அளவே உள்ள ஸ்லோ ஜெட்டை அது அடைத்துவிடும். பிறகு எடுத்தபோது ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடியது, விட்டால் அணைந்தது. ஐட்லிங்குக்கான பெட்ரோல் அந்தச் சின்ன ஜெட் வழியாகத்தான் வரும் என்பதால், அடைப்பு அங்கேதான் என்று மெக்கானிக் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். கழற்றிக் கழுவி, பேட்டரி மாற்றி ஓடவிட்டோம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு இன்னும் சோக் கேட்கும். செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரி சின்னது. சோக்கை இழுத்து இரண்டு உதை உதைத்தால் எடுத்துக்கொள்ளும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது; அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடியவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் ட்யூப்பைப் போன மாதம்தான் மாற்றினேன்.

அதற்கப்புறம் வண்டி என் கைக்கு வந்தது, முட்டை வியாபாரத்துக்கு. புதுச்சத்திரம் பக்கம் பண்ணையில் ஏற்றி, வழியில் உள்ள டீக்கடைகளுக்கும் மளிகைக்கும் போடுவது. முப்பது முட்டைத் தட்டுகளைக் கால்வைக்கும் இடத்தில் அடுக்கிக் கயிறு போட்டால் பாரம் முன்சக்கரத்தில் உட்காரும். முட்டை உடையாமல் ஓட்டக் கற்றுக்கொண்டவன் எந்த வேகத்தடையையும் மரியாதையாகத்தான் கடப்பான். ஆனாலும் பாரம் பாரம்தான். முன் ஷாக்கை சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் புஷ் தேய்ந்து, சின்னப் பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும். ஒருமுறை மாற்றினேன், மறுபடி ஆரம்பித்திருக்கிறது. இதில் வண்டியைக் குறை சொல்ல முடியாது, இரண்டு ஆள் போவதற்குச் செய்ததில் நான் கடை நடத்தினேன். சத்தம் மட்டும் என்றால் ஓட்டலாம். நடு ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது மீட்டர். அது காட்டுவது 43 ஆயிரம். உண்மை அதைவிட அதிகம். 2022-ல் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் அறுந்து, முள் செத்துக் கிடந்தது. கட்டித் தந்திருக்கும் பில்களில் இரண்டை எடுத்துப் பாருங்கள்: ஒன்று அக்டோபர், ஒன்று பிப்ரவரி. இரண்டிலும் 33 ஆயிரத்துச் சொச்சம், வித்தியாசம் ஐம்பதுகூட இல்லை. இடையில் நான் தினம் இருபத்தைந்து கிலோமீட்டர் போல ஓடியிருக்கிறேன். ஆக 2,500 கணக்கில் வராமல் போனது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது மீட்டரை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். தேதியும் மீட்டரும் சேர்ந்து நகர்கிறதா என்று பில்லில் பார்த்தால், திருப்பிய மீட்டரும் தெரியும், செத்த மீட்டரும் தெரியும்.

அந்த 2,500 வெறும் எண் இல்லை. டிரைவ் பெல்ட் விஷயத்தில் அது கையைக் கடிக்கும். கியர் இல்லாத வண்டியில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசை போவது ஒரு ரப்பர் பெல்ட் வழியாக. முன்னால் உள்ள புல்லியில் உருளைகள் இருக்கும். வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் ஒதுங்கி, புல்லியின் இரு தட்டுகளை நெருக்கும், பெல்ட் மேலேறும், அதுதான் நமக்குக் கியர் மாறுவது. பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்து அகலம் குறைந்தால் மேல்வரை ஏறாது. எஞ்சின் கத்தும், வண்டி பழைய வேகத்தை எட்டாது. உருளைகள் ஒரு பக்கம் தட்டையானால் இழுவை வெட்டி வெட்டி வரும். பெல்ட்டை 24 ஆயிரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். மீட்டர் 27 ஆயிரம் இருந்தபோது பெல்ட்டும் உருளையும் புதிது போட்டேன். மீட்டரை நம்பினால் அடுத்தது 51 ஆயிரத்தில். விடுபட்ட தூரத்தைக் கழித்தால் 48,500-லேயே வேலை வந்துவிடுகிறது. அறுந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் மட்டும் சுற்றாது. சேலம் நாமக்கல் நாற்கர சாலையில் பின்னால் டிரெய்லர் வரும் நேரத்தில் அது நடக்கக் கூடாது. 48 ஆயிரத்தில் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிற்கும் இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு நடுக்கம் வரும், மழைநாளில் கூடுதலாக. அது கிளட்ச் ஷூவும் அது உரசும் கிண்ணமும் பளபளத்துப் போனதால். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும்.

கொல்லிமலைக்குப் போவீர்கள், வாலிபப் பையன் போகாமல் இருக்க மாட்டீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் கஷ்டமில்லை, இறங்கும்போதுதான் கவனம். ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு மெதுவாக உருண்டால் கிளட்ச் விடுபட்டு எஞ்சின் பிடிப்பே இல்லாமல் போகும். பாரம் முழுவதும் டிரம் பிரேக்கில். கருகிய வாசம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வண்டியைக் கழுவாமல்தான் தருகிறேன். டாப்பெட் மூடியின் கீழ் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருக்கிறது, அதில் தூசி அப்பியிருப்பதைப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் விட்டு பாலிஷ் போட்டிருந்தால் உங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். கேஸ்கெட் சின்னச் செலவு. அதற்காகத்தான் விலையில் குறைத்துக்கொண்டேன்.

கடைசியாக, ஒப்படைக்கும் தேதியும் மணியும். கீழே நிமிடம் வரை எழுதச் சொல்வதைப் பார்த்துச் சிரித்தீர்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்றொரு வழக்கு. விஜய் குமார் 2007-ல் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் நவீன் குமாருக்கு என்று அது கைமாறியது. 2009-ல் விபத்து. ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவே இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பதிவில் யார் பெயரோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. பணம் வாங்கி, சாவி கொடுத்து, வண்டி இரண்டு கை தாண்டிப் போன பிறகும்.

அதனால் படிவம் 29-ம் 30-ம் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். விற்றதை நான் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் 30 நாளுக்குள். தனித்தனியாக எதற்கு, திங்கட்கிழமை சேர்ந்தே போய்விடலாம். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும் என்றாலும் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். கிளெய்ம் வாங்காததற்கு எனக்குக் கிடைத்த தள்ளுபடி உங்களுக்கு வராது, வித்தியாசத் தொகை கேட்பார்கள்.

பெயர் மாறிய ஆர்.சி. வரும்வரை வண்டியை வேறு யாருக்கும் இரவல் தர வேண்டாம். இந்த நிமிடம் முதல் பிரேக்கும் சலானும் உங்கள் பொறுப்பு, இதற்கு முந்தியவை என் பொறுப்பு என்று கீழே இருவரும் கையெழுத்திடுவோம்.

தேதி:
மணி:
மீட்டர்:
பெற்றுக்கொண்ட சாவிகள்: அசல் 1, வெட்டியது 1, சீட்டுச் சாவி 1, எண் தகடு 1