9, 11 வகுபடும் விதிகள்

ஓர் எண் 9 அல்லது 11-ஆல் மீதியின்றி வகுபடுமா என்பதை இலக்கங்களைக் கொண்டே கண்டறியும் முறைகள். இரண்டுக்கும் அடிப்படை இடமதிப்பு.

10, 100, 1000 ஒவ்வொன்றும் 9-இன் மடங்கைவிட 1 கூடுதல். ஆகவே 7381-இல் உள்ள ஏழு ஆயிரங்களை 9-ஆல் வகுக்க 7 மிஞ்சும். மூன்று நூறுகளில் 3, எட்டுப் பத்துகளில் 8 மிஞ்சும். ஒன்றையும் சேர்த்தால் 19. இது 9-இன் மடங்கல்ல. எனவே 7381 9-ஆல் வகுபடாது.

11-க்குக் கணக்கு இன்னும் அழகானது. 10 என்பது 11-ஐவிட 1 குறைவு, 100 என்பது 99-ஐவிட 1 கூடுதல், 1000 என்பது 1001-ஐவிட 1 குறைவு. அதனால் வலமிருந்து கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும்: 1−8+3−7=−11. விடை 0 அல்லது 11-இன் மடங்கானால் எண் வகுபடும்; 7381=11×671.

7381-இன் இலக்கங்கள் தவறுதலாக இடம்மாறி 7831 என எழுதப்பட்டாலும் கூட்டுத்தொகை 19 தான். 9-இன் சோதனை பிழையைக் காட்டாது. 11-இன் சோதனையில் −1 வருவதால் பிழை வெளிப்படும்.