நீராவிக் கிருமிநீக்கி சரிபார்ப்பு

மருத்துவமனை ஆட்டோகிளேவில் வைக்கும் பொதியின் உள்நடு வரை தேவையான வெப்பமும் நிறைவுற்ற நீராவியும் போய்ச் சேருகின்றனவா என்று அளந்து உறுதிசெய்யும் சோதனை இது. இயந்திரத்தின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பி இதைத் தவிர்க்க முடியாது. அந்த எண் பெரும்பாலும் வடிகால் அருகே உள்ள ஓர் உணரி தருவது. சிக்கலோ துணிப்பொதியின் நடுவில்.

சிக்கலுக்குக் காரணம் வெளியேறாமல் தங்கிய காற்று. 134° செல்சியசில் தூய நிறைவுற்ற நீராவியின் அழுத்தம் சுமார் 304 கிலோபாஸ்கல். அதே அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தால் நீராவியின் பங்கு 274 கிலோபாஸ்கல்தான். வெப்பநிலை 130° அளவில் நின்றுவிடும். அழுத்தமானியோ எல்லாம் சரி என்றே காட்டும்.

இதைக் கண்டுபிடிக்க, மெல்லிய தெர்மோகப்பிள் கம்பிகளைச் சோதனைத் துளை வழியே உள்ளே செலுத்துவார்கள். ஒன்று வடிகாலில் இருக்கும்; மற்றவை ஏறத்தாழ 7 கிலோ பருத்தித் துணிப்பொதியின் நடுவிலும் அதற்கு மேலுள்ள காலியிடத்திலும் இருக்கும். ஐரோப்பியத் தரமான EN 285-இன்படி, 800 லிட்டர் வரையுள்ள அறையில் வடிகால் 134° தொட்ட 15 விநாடிக்குள் பொதியின் நடுவும் அதை எட்ட வேண்டும். பிறகு குறைந்தது 3 நிமிடம் எல்லா உணரிகளும் 134°–137° எல்லைக்குள், ஒன்றுக்கொன்று 2° மேல் விலகாமல் நிற்க வேண்டும். கம்பிகளைச் சோதனைக்கு முன்பும் பின்பும் அளவுதிருத்தம் செய்யாவிட்டால் இந்த எண்களுக்கு மதிப்பில்லை.

வேதிக் காட்டிகளில் இங்கு முதன்மையானது 1963-இல் வெளியான பௌயி-டிக் சோதனை. பொதியின் நடுவே வைத்த தாள், 134°-இல் மூன்றரை நிமிடத்தில் ஓரம் முதல் நடு வரை ஒரே சீராக நிறம் மாற வேண்டும். நேரத்தைக் கூட்டினால் காற்றுத் தங்கிய இடமும் மெல்லக் கறுத்து, குறை மறைந்துவிடும். பலரும் தவறுவது இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டு: வடிகால் 134° தொட்டபோது பொதியின் நடு 129°, அது 134° எட்ட 70 விநாடி ஆயிற்று. தாளின் நடுவிலும் வெளிறிய திட்டு. அடுத்தது கசிவுச் சோதனை: வெற்றிடமாக்கி வால்வுகளை மூடியபின், 10 நிமிடத்தில் அழுத்தம் 13 மில்லிபார் வரை ஏறலாம், இங்கு 45 ஏறியது. முதலில் சந்தேகிக்க வேண்டியது சோதனைக் கம்பிகள் நுழையும் துளையை. கம்பிகளை எடுத்து அடைத்த பின்னும் கசிவு குறையாததால் கதவின் ரப்பர் வளையத்தைப் பார்த்தார்கள், அதில் விரிசல். வளையத்தை மாற்றியபின் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கசிவு இல்லாதிருந்தால், வெற்றிட பம்பின் திறனையும் நீராவியோடு வரும் திரவமாகாத வாயுக்களையும் ஆராய்ந்திருப்பார்கள்.

தாள், உணரி இரண்டும் தேவை. தாள் எத்தனை டிகிரி குறைவு என்று சொல்லாது. உணரியோ ஈரத்தை அறியாது: மிகையாக உலர்ந்த துணி நீராவியை உறிஞ்சிச் சூடேறும்போது, உணரி உயர்ந்த எண்ணை மட்டுமே காட்டும். உலர்ந்த வெப்பம் அந்த நேரத்தில் கிருமியைக் கொல்லாது என்பதால்தான் 137° என்ற மேல்வரம்பு.