ஒரு யானையா, இரண்டு சிறு காய்களா: ஒரு மதிப்பீட்டின் வரலாறு

யானைக்கு (ரூக்) ஐந்து, மந்திரிக்கும் (பிஷப்) குதிரைக்கும் மும்மூன்று, சிப்பாய்க்கு ஒன்று. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ முதன்முதலாகச் சதுரங்கம் கற்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்குதான் சொல்லித்தரப்படுகிறது. இதன்படி ஒரு மந்திரியையும் குதிரையையும் கொடுத்து யானையையும் ஒரு சிப்பாயையும் வாங்கினால் ஆறுக்கு ஆறு, சரிசமம். பலகையில் அது சரிசமமாக இருப்பது அபூர்வம்.

இந்தச் சமன் பழைய அட்டவணைகளிலேயே இருக்கிறது. ஹோவர்ட் ஸ்டான்டன் 1847-இல் வெளியிட்ட கையேடு சிப்பாயை 1 என வைத்து, குதிரைக்கு 3.05, மந்திரிக்கு 3.50, யானைக்கு 5.48 என மதிப்பிட்டது. கூட்டிப் பார்த்தால் சிறு காய்கள் 6.55, யானையும் சிப்பாயும் 6.48. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

அதற்கு முன்பே மெட்ராஸில் வேறொரு அளவுகோல் புழக்கத்தில் இருந்தது. குலாம் காசிமும் ஜேம்ஸ் காக்ரேனும் 1829-இல் இங்கு வெளியிட்ட ஆய்வு நூல் முசியோ கேம்பிட் பற்றியது. அதில் வெள்ளை ஒரு குதிரையையே கொடுத்துவிட்டு, திறந்த f வரிசையையும் வேகமான தாக்குதலையும் பெறுகிறது. காயின் விலையை விடக் காயின் வேலையை எடைபோட்ட நூல் அது.

பள்ளிப் பிள்ளைகள் விழும் குழியை ஒரு முறை ஆடிப் பார்க்கலாம்.

1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Bc5 4.0-0 Nf6 5.Ng5 0-0 6.Nxf7 Rxf7 7.Bxf7+ Kxf7

வெள்ளைக்கு யானையும் சிப்பாயும் கிடைத்துவிட்டன. ஆனால் f7-ஐ மிரட்டிக்கொண்டிருந்த இரண்டு காய்களும் பலகையில் இல்லை. மிச்சமிருக்கும் குதிரையும் மந்திரியும் புறப்பட்ட கட்டத்திலேயே நிற்கின்றன. வெள்ளையின் எட்டுச் சிப்பாய்களும் பலகையில் இருப்பதால் யானைக்கு ஓடத் திறந்த வரிசை ஒன்றுகூட இல்லை. எதிரே கறுப்பின் c5 மந்திரியும் இரண்டு குதிரைகளும் ஏற்கெனவே களத்தில். கறுப்பு ராஜா f7-இல் நிற்பது பயமாகத் தெரியலாம். மிரட்ட ஆளில்லாதபோது அது g8-க்குத் திரும்பிவிடும்.

இதற்கு எண்ணால் உருக்கொடுத்தவர் அமெரிக்கரான லாரி காஃப்மன். ஏறத்தாழ 3 லட்சம் ஆட்டங்களை அலசி 1999-இல் அவர் எழுதிய கட்டுரை மந்திரிக்கும் குதிரைக்கும் 3.25, யானைக்கு 5, இரண்டு மந்திரிகளும் சேர்ந்திருந்தால் கூடுதலாக அரை என்றது. ஒரு பக்கத்துக்கு ஐந்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் அந்தப் பக்கத்து யானையின் மதிப்பு ஒரு சிப்பாயில் எட்டில் ஒரு பங்கு குறையும், குதிரையின் மதிப்பு ஒரு சிப்பாயில் பதினாறில் ஒரு பங்கு ஏறும் என்பதுதான் அவர் சேர்த்த முக்கியமான விதி. மேலே கண்ட நிலையில் இதைப் போட்டால் கறுப்பு சுமார் ஒன்றரைச் சிப்பாய் அளவுக்கு முந்துகிறது. யானையோடு இரண்டு சிப்பாய்கள் கிடைத்தால்தான் பேரம் ஏறத்தாழ நேராகும்.

எண் அங்கே நின்றுவிடுகிறது. ஸ்பானிஷ் தொடக்கத்தின் திறந்த கிளையில், இங்கிலாந்தின் வெர்னன் டில்வொர்த் பெயரால் வழங்கும் ஆட்டமுறை இதே பேரத்தைத்தான் செய்கிறது, இம்முறை கறுப்பின் கையால்.

1.e4 e5 2.Nf3 Nc6 3.Bb5 a6 4.Ba4 Nf6 5.0-0 Nxe4 6.d4 b5 7.Bb3 d5 8.dxe5 Be6 9.c3 Bc5 10.Nbd2 0-0 11.Bc2 Nxf2 12.Rxf2 f6 13.exf6 Bxf2+ 14.Kxf2 Qxf6

காஃப்மன் கணக்கில் வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்குச் சற்று மேலான லாபம். இருந்தும் கறுப்பு இங்கே ஆடத்தக்க நிலையில் இருக்கிறது. f வரிசை திறந்து, ராணியும் யானையும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. f3 குதிரை ராஜாவை மறைத்து நிற்பதால் அதனால் விலகவே முடியாது. வெள்ளையின் a1 யானையும் c1 மந்திரியும் இன்னும் வெளியே வரவில்லை. அடுத்துக் கறுப்பின் குதிரை e5-க்கும், மீதி யானை e8-க்கும் வரும். யார் நன்றாக நிற்கிறார்கள் என்பதை இங்கே ஒரே கேள்வியால் அறியலாம்: வெள்ளை ராஜாவை ஒதுக்கி, c1 மந்திரியை e3-இல் நிலையாக ஊன்றிவிட்டதா? ஊன்றிவிட்டால் இரு மந்திரிகளின் பலம் மெல்லத் தலைதூக்கும். அதற்குள் கறுப்பு இன்னொரு சிப்பாயைப் பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது ராஜாவை நடுவெளியில் தவிக்கவிட்டிருக்க வேண்டும்.

இதே திறந்த ஸ்பானிஷில்தான் 1995 உலகப் போட்டியில் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த், காஸ்பரோவிடம் பத்தாவது ஆட்டத்தை இழந்தார். அங்கே 9.Nbd2 வந்ததால் டில்வொர்த் பேரம் எழவில்லை. விலைக்கும் வேலைக்கும் இடையிலான வழக்கு மட்டும் அப்படியே எழுந்தது. பதினேழாவது நகர்வில் ஆனந்தின் ராணி a1 யானையை எடுத்தது. காய்க் கணக்கில் அவருக்கு ஒரு முழு யானை அதிகம். அவருடைய ராஜா e8-இல், மந்திரி f8-இல், யானை h8-இல், மூன்றும் ஆட்டம் தொடங்கிய கட்டத்திலேயே இருந்தன. காஸ்பரோவின் இரண்டு மந்திரிகள் e6-லும் h6-லும் வந்து அமர்ந்தன. இருபத்தோராம் நகர்வில், ஒரு முறைகூட நகராத அந்த h8 யானையை அவற்றில் ஒன்று எடுத்தது. ஆனந்த் முப்பத்தெட்டாம் நகர்வில் ஆட்டத்தைக் கைவிட்டார்.